அடுத்த வீடியோ எது என்று தெரிய வேண்டும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டு இயல்கள். அவற்றில் இரண்டாவதான ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ மட்டும் பயிற்சி 2.1 தொடங்கி 2.10 வரை நீள்கிறது. யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றத்தில் ஆரம்பித்து, மட்டு எண்கணிதத்தைக் கடந்து, கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை, சிறப்புத் தொடர்கள் என்று போய், ஒரு மதிப்பெண் வினாக்களில் முடிகிறது. இதை ஓர் ஆசிரியர் தன் யூடியூப் சேனலில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு ஒன்றோ இரண்டோ வீடியோ, மொத்தம் பதினைந்து. பாடம் தெளிவாக இருக்கிறது, எழுத்து அழகாக இருக்கிறது, குரலும் கேட்கும்படி இருக்கிறது. ஆனால் பயிற்சி 2.7-ஐத் தேடி வந்த மாணவி அதைப் பார்த்து முடித்ததும், 2.8 இதே சேனலில் இருப்பது தெரியாமல் வேறொருவர் வீடியோவுக்குப் போய்விடுகிறாள்.

ஏன் தெரியவில்லை என்பதற்கு அந்தச் சேனலின் வீடியோ பட்டியலை ஒருமுறை உருட்டிப் பார்த்தாலே போதும். ஒரு தலைப்பு ‘முக்கியமான கணக்குகள்!!!’ என்கிறது. அடுத்தது ‘பெருக்குத் தொடர்வரிசை சூப்பர் டிரிக்’. அதற்குக் கீழே ‘நேரலை வகுப்பு 14’. பதினான்காம் வகுப்பில் எந்தப் பயிற்சி நடந்தது என்பது நடத்தியவருக்கே ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது. 2.8 எங்கோ இருக்கிறது. அதன் பெயர் 2.8 இல்லை, அவ்வளவுதான்.

ஒருவர் யூடியூபுக்குள் வந்து, ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் மூடிவிட்டுக் கிளம்பும் வரையிலான நேரத்தைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செஷன் என்கிறார்கள். 2012-இல் யூடியூப் தன் தேடலிலும் பரிந்துரையிலும் கிளிக் எண்ணிக்கைக்குக் கொடுத்துவந்த முதலிடத்தைப் பார்க்கப்பட்ட நேரத்துக்கு மாற்றியது. அன்று முதல் ‘ஒருவரை எத்தனை வீடியோ வரை கூட்டிப் போகிறோம்’ என்ற கேள்வி சேனல் நடத்துபவர்களின் தலையில் ஏறிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், செஷன் என்ற பெயரில் ஓர் எண்ணை யூடியூப் நமக்குக் காட்டுவதில்லை. அதன் நிழலாக இருக்கும் சில எண்களைத்தான் பார்க்க முடிகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் மருந்து பிளேலிஸ்ட். வீடியோக்களை ஒரு பட்டியலில் போட்டுவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் என்பது உண்மை. ஆனால் அது பிளேலிஸ்டுக்குள் நுழைந்தவருக்கு மட்டுமே உண்மை. பலர் தவறவிடும் இடம் இது. மாணவி தேடலில் இருந்தோ முகப்புப் பக்கத்தில் இருந்தோ 2.7 வீடியோவைத் தொட்டால், அவள் அந்த வீடியோவைத் தனியாகப் பார்க்கிறாள். அது ஒரு பிளேலிஸ்டில் இருக்கிறதா, ஆறு பிளேலிஸ்டில் இருக்கிறதா என்பது அவள் திரையில் தெரியாது. இரண்டு லிங்க்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&list=PLAYLIST_ID
```

முதல் லிங்க்கில் வருபவர் ஒரு வீடியோவுக்கு வருகிறார். இரண்டாவதில் வருபவர் பட்டியலுக்குள் வருகிறார். அதே வீடியோதான் ஓடும். ஆனால் பக்கத்திலோ கீழேயோ மொத்த வரிசையும் விரிந்து நிற்கும், முடிந்ததும் 2.8 தொடங்கும். வாட்ஸ்அப் குரூப்பில் ஆசிரியர் அனுப்பும் லிங்க், வீடியோ விவரத்தின் முதல் வரி, மேலே பின் செய்த கருத்து, எல்லாமே இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். அதை எடுக்கத் தனி வித்தை தேவையில்லை. பிளேலிஸ்டைத் திறந்து, அதற்குள் இருந்து வீடியோவை ஓடவிட்டு, உலாவியின் முகவரிப் பட்டையில் தெரிவதை எடுத்துக்கொண்டால் போதும். `&list=` என்ற பகுதி அதில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடலில் இருந்து தனி வீடியோவுக்கு வருபவரை என்ன செய்வது? அவருக்காகத்தான் எண்ட் ஸ்கிரீன். வீடியோவின் கடைசி 5 முதல் 20 வினாடிகளில் இதை வைக்கலாம். அங்கே இன்னொரு வீடியோவையும் காட்டலாம், ஒரு பிளேலிஸ்டையும் காட்டலாம். 2.7-இன் முடிவில் 2.8 வீடியோவும் இரண்டாம் இயலின் பிளேலிஸ்டும் வந்தால் போதும். நான்கு பெட்டிகள் வரை இடம் உண்டு என்பதற்காக நான்கையும் நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சோர்ந்திருக்கும் மாணவிக்கு நான்கு வழி காட்டினால் அவள் ஐந்தாவது வழியில் போவாள். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் எண்ட் ஸ்கிரீன் வைக்க முடியாது. அதனால் மழலைப் பாட்டு, கதைச் சேனல் நடத்துபவர்கள் தலைப்பையும் பிளேலிஸ்ட் லிங்க்கையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

எண்ட் ஸ்கிரீனைவிடப் பெரிய சேதம் வாயால் நடக்கிறது. ‘அவ்வளவுதான் மாணவர்களே, லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, நன்றி, வணக்கம்’ என்று ஆசிரியர் முக்கால் நிமிடம் விடைபெறுகிறார். முதல் சொல்லிலேயே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், எண்ட் ஸ்கிரீன் வரும்போது பார்க்க ஆளிருக்காது. பெருக்குத் தொடர்வரிசையின் கடைசிக் கணக்கை முடித்த கையோடு, ‘இந்த உறுப்புகளை எல்லாம் கூட்டினால் என்ன வரும்? அது 2.8, இதோ இங்கே இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்தினால், பாடமும் சரியாக முடிகிறது, பார்ப்பவருக்கு வழியும் தெரிகிறது.

இனி பெயருக்கு வருவோம். யூடியூபின் பரிந்துரை வரிசையில் ஒரு வீடியோ தனியாக வந்து நிற்கும்போது, அது எந்தத் தொடரின் எத்தனையாவது துண்டு என்று சொல்ல அதன் தலைப்பையும் தம்ப்நெயிலையும் தவிர வேறெதுவும் கூட வராது. தொடர் முழுக்க ஒரே அச்சில் பெயர் வைக்க வேண்டியது அதற்காகத்தான். நம் ஆசிரியருக்கு ஒரு வசதி இருக்கிறது. புத்தகமே எண் கொடுத்திருக்கிறது. ‘பகுதி 11’ என்று அவர் சொந்தமாக ஓர் எண் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ‘பயிற்சி 2.7’ என்பதை மாணவரும் அறிவார், பெற்றோரும் அறிவார், தேடுபவர் அதைத்தான் தட்டுகிறார். அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். ஆகவே தலைப்பு இப்படி அமையலாம்:

```
பெருக்குத் தொடர்வரிசை: n ஆவது உறுப்பு | பயிற்சி 2.7 | 10th Maths Ex 2.7
```

முன்னால் விஷயம், நடுவில் எண், பின்னால் தேடுபவருக்கான ஆங்கில வடிவம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கைபேசித் திரையில் தலைப்பின் பின்பாதி பல இடங்களில் வெட்டுப்படும். வெட்டுப்பட்டாலும் இழப்பில்லாதது கடைசியில் இருக்க வேண்டும். ‘10 ஆம் வகுப்பு கணக்கு புதிய பாடத்திட்டம்’ என்று எல்லா வீடியோவுக்கும் ஒரே தொடக்கம் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வைத்தால் பதினைந்து வீடியோவும் திரையில் ஒரே பெயரோடு நிற்கும், வேறுபடுத்தும் பகுதி மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூடியூப் தலைப்புக்குத் தரும் இடம் 100 குறிகள். தமிழில் நாம் ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி பல குறிகளாக எண்ணும். ‘சி’ என்பது அதற்கு இரண்டு: சகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளியும் தனிக்கணக்கு. ‘பயிற்சி’ நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு குறி. ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற முதல் இயலின் பெயர் பன்னிரண்டு எழுத்துதான், ஆனால் இடைவெளியோடு சேர்த்து 21 குறிகளை விழுங்கிவிடும். மேலே தந்த தலைப்பு 71-இல் அடங்குகிறது. இயலின் முழுப்பெயரையும் அதில் திணித்தால் எல்லையை முட்டும். அதனால் இயலின் பெயர் பிளேலிஸ்டின் தலைப்புக்குப் போகட்டும், வீடியோவுக்குப் பயிற்சியின் பெயர் போதும். ஒரே பயிற்சிக்கு இரண்டு வீடியோ இருந்தால் 2.7 அ, 2.7 ஆ. ‘2.7 தொடர்ச்சி’, ‘2.7 மீதி’, ‘2.7 பாகம் இரண்டு’ என்று மூன்று விதமாக மூன்று நாளில் எழுதிவிட்டால் ஒழுங்கு கெட்டது கெட்டதுதான்.

தம்ப்நெயிலிலும் எண் இருக்கட்டும், பெரிதாக, எல்லாவற்றிலும் ஒரே மூலையில். அந்த மூலை கீழ் வலதாக மட்டும் இருக்கக் கூடாது. வீடியோ எத்தனை நிமிடம் என்று யூடியூப் ஒட்டும் கறுப்புப் பட்டை அங்கேதான் விழும், எண்ணை மறைத்துவிடும்.

எண் போடுவதே தவறாகும் இடங்களும் உண்டு. கணக்குப் பாடத்தில் எண் வழிகாட்டி, ஏனென்றால் வரிசை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு சமையல் சேனல் தன் குழம்பு வகைகளுக்கு ‘குழம்புத் தொடர், பகுதி 9’ என்று பெயர் வைத்தால், வத்தக்குழம்பு மட்டும் வேண்டி வந்தவருக்கு முந்தைய எட்டைப் பார்க்காமல் இதைப் பார்க்கக் கூடாதோ என்ற தயக்கம் வரும். ஒன்றைப் பார்க்காமல் அடுத்தது புரியாது என்ற நிலை இருந்தால் எண் போடலாம். இல்லையென்றால் ‘வத்தக்குழம்பு | பாட்டி கைமணம்’ என்பதுபோல் தொடரின் பெயரை மட்டும் பின்னால் மாறாமல் வைத்தால் போதும். எண் இல்லாமலும் ஒரு தொடர் தொடராகத் தெரியும்.

பெயர் வைத்தாயிற்று, இனி அடுக்க வேண்டும். பழைய வீடியோக்களின் தலைப்பை மாற்றினால் பார்வை எண்ணிக்கை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. போகாது. தலைப்பை மாற்றினாலும் வீடியோவின் முகவரி மாறுவதில்லை, பிளேலிஸ்டுக்கும் அப்படியே. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால்தான் எல்லாம் போகும். அதனால் முதல் வேலை, ஒரு தாளிலோ எக்செல் கோப்பிலோ பதினைந்து வீடியோவையும் எழுதி, இன்றைய தலைப்பு, இனி வரப்போகும் தலைப்பு என்று இரண்டு பத்தி போடுவது. இப்படி எழுதும்போதே ஓட்டைகள் கண்ணில் படும். மட்டு எண்கணிதத்துக்கு மூன்று வீடியோ இருக்கிறது, 2.6-க்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். 2.5-இலிருந்து 2.7-க்குத் தாவும் பட்டியலில் மாணவி 2.6-ஐத் தேடி வெளியே போவாள், போனவள் 2.7-ஐயும் அங்கேயே பார்த்துவிடுவாள். அந்த ஒரு வீடியோவை எடுத்துச் சேர்ப்பது, பதினைந்து தம்ப்நெயிலையும் புதுப்பிப்பதைவிடப் பயன் தரும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் ஒரே பிளேலிஸ்டில் போட்டு நூறு வீடியோவைத் தொங்கவிடுவதும் ஒரு பழக்கம். திறப்பவருக்கு முதல் இயலின் முதல் நான்கைந்து வீடியோதான் கண்ணுக்குத் தெரியும், நிகழ்தகவு எங்கேயோ பாதாளத்தில் இருக்கும். இயலுக்கு ஒன்றாக எட்டுப் பிளேலிஸ்ட் என்பதே சரி. சேனலின் முகப்பில் பன்னிரண்டு பகுதிகள் வரை வைக்கலாம், எட்டும் அங்கே வரிசையாக நிற்க இடம் தாராளம். பிளேலிஸ்டின் பெயரும் ஓர் அச்சில் இருக்க வேண்டும்: ‘10 கணக்கு | இயல் 2: எண்களும் தொடர்வரிசைகளும்’. பிளேலிஸ்டுகளும் தேடலில் தனியாக வந்து நிற்கும் என்பதால் ‘என் பாடங்கள் 2’ போன்ற பெயர்களால் யாருக்கும் பயனில்லை.

பிறகு ஓடும் வரிசை. பிளேலிஸ்ட் அமைப்பில் வரிசைக்குப் பல தேர்வுகள் உண்டு: நாமே கையால் அடுக்குவது, அதிகம் பார்க்கப்பட்டது முதலில், புதியது முதலில், பழையது முதலில். செய்தி, விமர்சனம் போன்றவற்றுக்குப் புதியது முதலில் இருப்பது பொருத்தம். பாடத்துக்கு அது விஷம். 2.10-இல் தொடங்கி 2.9, 2.8 என்று பின்னோக்கி ஓடும். எந்த மாணவரும் இதைப் புகாராகச் சொல்ல மாட்டார், மூடிவிட்டுப் போவார். கையால் அடுக்குவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதிய வீடியோ பட்டியலின் மேலே போய் உட்காரும்படி அமைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி, தன் கணக்கில் நுழையாத ஒரு மறைநிலைச் சாளரத்தில் பிளேலிஸ்டைத் திறந்து, முதல் வீடியோவின் கடைசி அரை நிமிடத்துக்குத் தாவி, அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பது. உரிமையாளருக்குத் தெரியும் தனிப்பட்ட வீடியோக்கள் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதும் அங்கே அம்பலமாகும்.

பிளேலிஸ்ட் அமைப்பில் `Set as official series for this playlist` என்று ஒரு தேர்வும் இருக்கிறது. இந்த வீடியோக்கள் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை என்று யூடியூபுக்கே சொல்வது அது. தேடலில் இருந்து தனியாக 2.7-க்கு வந்தவருக்கும் 2.8-ஐப் பரிந்துரையில் காட்ட அது ஒரு காரணம் தருகிறது. காட்டலாம் என்றுதான் யூடியூப் சொல்கிறது, காட்டியே தீரும் என்று சொல்லவில்லை. சரிபார்க்கப்பட்ட கணக்காக இருக்க வேண்டும், சொந்த வீடியோவாக இருக்க வேண்டும், ஒரு வீடியோ ஒரே ஒரு தொடரில்தான் இருக்கலாம் என்பவை இதன் நிபந்தனைகள். இயல்வாரிப் பட்டியல்களுக்கு மட்டும் இதைப் போட வேண்டும் என்பதற்குக் கடைசி நிபந்தனையே காரணம்.

ஏனென்றால் வேறு வகைப் பட்டியல்களும் தேவைப்படும். ஜூன் மாதம் பார்க்கும் மாணவியும் பிப்ரவரியில் பார்க்கும் மாணவியும் ஒருவரல்ல. பொதுத்தேர்வு நெருங்கும்போது யாரும் 2.1-இலிருந்து தொடங்குவதில்லை. வடிவியல் வரைதலும் வரைபடமும் 8 மதிப்பெண் வினாக்கள். அவற்றை மட்டும் ஓர் இரவில் பார்த்துவிட நினைப்பவர்கள் ஏராளம். வரைதல் நான்காம் இயலில் இருக்கிறது, வரைபடம் மூன்றாம் இயலில் இருக்கிறது. இயல்வாரிப் பட்டியல் எதுவும் இவர்களுக்கு உதவாது. ‘10 கணக்கு | 8 மதிப்பெண்: வரைதலும் வரைபடமும்’ என்று தனிப் பிளேலிஸ்ட் போட்டு, இரண்டு இயல்களிலிருந்தும் வீடியோக்களை அதில் சேர்க்கலாம். சாதாரணப் பிளேலிஸ்டுகளில் ஒரு வீடியோ எத்தனையில் வேண்டுமானாலும் இருக்கலாம். வீடியோவின் தலைப்பில் பயிற்சி எண் இருப்பதால் எந்தப் பட்டியலில் நின்றாலும் அதன் சொந்த ஊர் தெரியும்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது? யூடியூப் ஸ்டுடியோவில் பிளேலிஸ்டுக்குத் தனிப் புள்ளிவிவரம் உண்டு. கவனிக்க வேண்டியது, பட்டியலில் எத்தனை முறை நுழைந்தார்கள், ஒரு நுழைவுக்கு எத்தனை வீடியோ பார்த்தார்கள் என்ற இரண்டைத்தான். எடுத்துக்காட்டாக ஒரு மாதத்தில் 400 நுழைவு, 520 பார்வை என்றால் ஒரு நுழைவுக்கு 1.3. பெரும்பாலானவர்கள் முதல் வீடியோவோடு கிளம்புகிறார்கள். வரிசையும் பெயரும் எண்ட் ஸ்கிரீனும் சரியான பிறகு அதே 400 நுழைவுக்கு 900 பார்வை வந்தால் 2.25. நுழைவே நாற்பதுதான் என்றால் அடுக்கியதில் குறை தேட வேண்டாம், வாசலில் தேட வேண்டும். குரூப்பில் போகும் லிங்க்கில் `&list=` இல்லாமல் இருக்கலாம்.

நுழைந்தவர்கள் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2.3 வரை வந்தவர்கள் 2.4-இல் பாதியாகக் குறைந்தால், 2.3-இன் பார்வையாளர் தக்கவைப்புக் கோட்டைத் திறந்து பார்க்கலாம். கோடு வீடியோவின் நடுவிலேயே சரிந்தால் பாடத்தில் சிக்கல். மட்டு எண்கணிதம் பலருக்குப் புதிது, மெதுவாக ஒருமுறை நடத்த வேண்டியிருக்கலாம். கோடு கடைசி வரை நிமிர்ந்து வந்து முடிவில் விழுந்தால் சிக்கல் இணைப்பில் இருக்கிறது: நீண்ட விடைபெறலோ, தவறான எண்ட் ஸ்கிரீனோ, 2.4-இன் தலைப்பு இதன் தொடர்ச்சியாகத் தெரியாததோ காரணமாக இருக்கும். முதல் நோய்க்குப் பிளேலிஸ்ட் மருந்தல்ல.

இந்த எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகமும் வேண்டும். பிளேலிஸ்ட் வழியாக வருபவர்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்றால், அது பிளேலிஸ்டின் சாமர்த்தியம் மட்டும் அல்ல. உட்கார்ந்து படிக்க முடிவெடுத்தவர்கள்தான் பிளேலிஸ்டைத் திறக்கிறார்கள். ஆகவே பிளேலிஸ்ட் பார்வையாளரையும் தேடல் பார்வையாளரையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே பிளேலிஸ்டை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும், அதுவும் ஒத்த காலத்தில். தலைப்புகளை ஜனவரியில் மாற்றிவிட்டு மார்ச்சில் பார்வை ஏறியது என்று மகிழ்பவர், பொதுத்தேர்வு செய்த வேலைக்குத் தான் மாலை வாங்கிக்கொள்கிறார். இரண்டாம் இயலை மட்டும் முதலில் மாற்றி, ஐந்தாம் இயலைப் பழையபடியே சில வாரம் விட்டுவைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். தேர்வுக்காலம் இரண்டையும் சேர்த்தேதான் தூக்கும். அதற்கு மேல் இரண்டாம் இயல் எவ்வளவு ஏறியதோ, அதைப் பெயருக்கும் அடுக்குக்கும் கணக்கில் எழுதலாம்.